எந்த வேகம் குறைகிறது?

நிரலை வேகமாக்கித் தரச் சொல்பவரின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் மூன்று குறைகளில் ஒன்று. திறந்தவுடன் வேலையைத் தொடங்காமல் நிரல் காக்கவைக்கிறது என்பது முதல் குறை. ஓடும்போது நினைவகத்தை விழுங்கிக் கணினியையே திணறடிக்கிறது என்பது இரண்டாவது. ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரும் வேலையின் அளவு போதவில்லை என்பது மூன்றாவது. நிரலர்கள் இதை த்ரூபுட் என்பார்கள். எந்தக் குறையால் அவதிப்படுகிறவரும் "ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்றுதான் முறையிடுவார். காத்திருக்கிறவருக்குக் கடிகாரம் மட்டுமே தெரியும், காரணம் தெரியாது.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றைக் கெடுப்பதும் உண்டு. தரவு முழுவதையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைத்தால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் தொடங்க நேரமாகும், நினைவகமும் கூடுதலாகத் தேவைப்படும். வேலையை நான்காகப் பிரித்து நான்கு செயல்முறைகளில் ஓடவிட்டால் த்ரூபுட் உயரும்; நினைவகச் செலவும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் நிரலைத் திறந்து வரிகளைத் திருத்துவதற்கு முன், கேட்டவரின் உண்மையான குறை எது என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

குடிநீர்க் கட்டணத்துக்குப் பில் போடும் ஒரு நிரலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். அது பைத்தான் மொழியில் எழுதப்பட்டது; பெயர் `bill.py`. இணைப்பு எண்ணைக் கொடுத்தால், மீட்டர் அளவையும் அந்த வீட்டின் கடந்த 12 மாதப் பயன்பாட்டையும் சேர்த்து ஒரு பில் தயாரிக்கும். மாதக் கடைசியில் 4 லட்சம் இணைப்புகளுக்கும் ஒரேயடியாக ஓட்டப்படும். பழைய பயன்பாட்டு விவரம் வேறொரு கணினியில் உள்ள தரவுத்தளத்தில் இருக்கிறது. நிரல் ஓடும் கணினியில் 4 ஜிகாபைட் நினைவகமும் சுழலும் தட்டு கொண்ட பழைய வகை ஹார்டு டிஸ்க்கும் உள்ளன. இங்கே தரப்படும் அளவுகள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இத்தகைய நிரல்களும் கணினிகளும் வழக்கமாகக் காட்டும் அளவுகளை ஒட்டியவை.

கவுன்ட்டரில் இருக்கும் எழுத்தருக்கு எதிரே ஆள் நிற்கிறார். ஒரு பில் எடுக்க ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகிறது. நாள் முழுவதும் நூறு பேருக்கு எடுத்தால் நூறு முறை அந்தக் காத்திருப்பு. மாத ஓட்டத்தைக் கவனிப்பவருக்கோ ஒட்டுமொத்த வேலை முக்கால் மணி நேரம் இழுக்கிறது. அதே கணினியில் வேறு வேலை பார்க்கிறவர், அந்த முக்கால் மணி நேரமும் தம் திரையில் சுட்டி கூட நகர மறுக்கிறது என்கிறார். மூவரும் ஒரே நிரலைத்தான் குறை சொல்கிறார்கள்.

இவர்களிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்தான். எப்போது காத்திருக்கிறீர்கள், தொடங்கும்போதா, நடுவிலா? ஒரே ஒரு பில் எடுத்தாலும் அப்படித்தானா? அந்த நேரத்தில் மற்ற செயலிகளும் திணறுகின்றனவா? எவ்வளவில் முடிந்தால் போதும்? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலைக்குள் முடிய வேண்டிய வேலைக்கு எட்டு நிமிடம் ஆனால் என்ன, ஒன்றரை நிமிடம் ஆனால் என்ன? அதே சமயம், எதிரே ஆளை நிறுத்தி வைத்திருப்பவருக்கு இரண்டு விநாடியும் நீளம்தான். மனிதர் கணினிக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதினார். ஜேக்கப் நீல்சன் 1993-இல் அதை எடுத்துப் பரப்பினார். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். கவுன்ட்டரின் இலக்கை வகுக்க இந்த அளவுகள் உதவும். மாத ஓட்டத்துக்கு இவற்றால் பயனில்லை.

பதில்களைக் கேட்ட பிறகு அளந்து பார்க்க வேண்டும். மூன்று குறைகளையும் ஒரே சோதனையில் பிரித்துக் காட்டும் வழி ஒன்று உண்டு: வேலையின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறிப்பது. `bill.py` ஒரே ஒரு பில்லுக்கு 1.9 விநாடி எடுக்கிறது. 10,000 பில்லுக்கு 13.9 விநாடி. 1,00,000 பில்லுக்கு 121.9 விநாடி, அதாவது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். 4,00,000 பில்லுக்கு 46 நிமிடம்.

முதல் மூன்று அளவுகளையும் வரைபடத்தாளில் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், வேலையே இல்லாத இடத்தில் 1.9 விநாடியில் நிற்கும். அது தொடக்க நேரம். ஒரு பில் எடுத்தாலும் ஒரு லட்சம் எடுத்தாலும் மாறாது. கோட்டின் சாய்வு ஒரு பில்லுக்கு 1.2 மில்லிவிநாடி. அது த்ரூபுட்டின் மறுபக்கம்: விநாடிக்குச் சுமார் 830 பில். இந்தக் கோடு நேராகவே போயிருந்தால் 4 லட்சத்துக்கு 482 விநாடி, அதாவது எட்டு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஆனதோ 46 நிமிடம். ஒரு லட்சத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் நடுவே எங்கோ கோடு மேல்நோக்கி வளைகிறது. அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

இந்த மூன்று எண்கள் கையில் இருந்தால் தவறான இடத்தில் கைவைக்கும் ஆபத்து பெரிதும் குறையும். அனுபவமுள்ள நிரலரும் முதலில் பாய்வது கணக்கீட்டுப் பகுதிக்குள்தான். கட்டணம் கணக்கிடும் வளையத்தை நாள்கணக்கில் செதுக்கிப் பாதியாகக் குறைத்தாலும், கவுன்ட்டர் எழுத்தரின் 1.9 விநாடி 1.9 விநாடியாகவே இருக்கும். அவர் காத்திருப்பது தொடக்கத்துக்காக. வளையம் அவருக்கு ஒரே ஒரு சுற்றுதான் ஓடுகிறது.

தொடக்கத்தில் என்ன நடக்கிறது? பைத்தான் மொழிபெயர்ப்பி தானே எழுந்து நிற்க எடுக்கும் நேரம் மிகக் குறைவு, விநாடியில் நூறில் சில பங்குகள். பெரும்பகுதி, நிரலின் தலைப்பில் `import` என்று எழுதி வரவழைக்கும் நூலகங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு நூலகமும் தனக்கு வேண்டிய வேறு நூலகங்களை அழைக்கும். ஒரு வரி நூற்றுக்கணக்கான கோப்புகளை வட்டிலிருந்து இழுத்து வரும். எது எவ்வளவு எடுக்கிறது என்று அறிய 2018-இல் வெளிவந்த பைத்தான் 3.7 முதல் ஒரு வசதி இருக்கிறது:

```
python -X importtime bill.py
```

ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு வரி அச்சாகும். அதற்கு மட்டும் ஆன நேரம் ஒரு நிரலிலும், அது அழைத்தவற்றையும் சேர்த்து ஆன நேரம் அடுத்த நிரலிலும் மைக்ரோவிநாடியில் இருக்கும். `bill.py`-க்கு ஓட்டிப் பார்த்தால், வரைபடம் வரையும் `matplotlib` 0.8 விநாடியும், அட்டவணைகளைக் கையாளும் `pandas` 0.7 விநாடியும் எடுப்பது தெரிகிறது. தரவுத்தளத்தோடு இணைவது உள்ளிட்ட மற்றவை 0.4 விநாடி. வரைபடம் ஆண்டறிக்கையில் மட்டுமே வருகிறது. அட்டவணை மாதக் கடைசித் தொகுப்புக்கு மட்டுமே தேவை. கவுன்ட்டரில் எடுக்கும் பில்லுக்கு இரண்டும் வேண்டாம். எனவே அவற்றை அழைக்கும் வரியைத் தலைப்பிலிருந்து எடுத்து, பயன்படும் செயல்கூற்றுக்கு உள்ளே வைத்தால் போதும்:

```python
def yearly_chart(rows):
    import matplotlib.pyplot as plt
    ...
```

தொடக்கம் 1.9-இலிருந்து 0.4 விநாடியாகிறது. கணக்கீட்டில் ஒரு வரியும் மாறவில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு: நூலகம் நிறுவப்படாமல் விடுபட்டிருந்தால், நிரல் தொடங்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய பிழை இனி ஆண்டறிக்கை எடுக்கும் நாளில்தான் தெரியவரும். ஆகவே நிறுவும்போது அந்தப் பகுதியையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தொடக்க நேரத்தை அளக்கும்போது ஒரு சறுக்கல் அடிக்கடி நேர்கிறது. கணினியை இயக்கிய பிறகு முதன்முறை ஓட்டினால் கோப்புகள் வட்டிலிருந்து வர வேண்டும்; இரண்டாம் முறை அவற்றை இயங்குதளம் நினைவகத்திலேயே வைத்திருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் முதல் ஓட்டம் பல மடங்கு நீளும். "காலையில் முதல் பில்லுக்குத்தான் ரொம்ப நேரம்" என்று ஒருவர் சொன்னால் அவர் இதைத்தான் காண்கிறார். நிரலரோ தம் கணினியில் பத்தாவது முறையாக ஓட்டிவிட்டு அப்படி எதுவும் இல்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை. முதல் ஓட்டத்தையும் அடுத்தடுத்த ஓட்டங்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் இந்த வாக்குவாதம் எழாது.

நூலகங்களைத் தள்ளிப்போட வழியில்லாத நிரல்களும் உண்டு. மெர்க்கூரியல் என்னும் மூலநிரல் மேலாண்மைக் கருவி பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது. அதன் கட்டளைகளைப் பயனர்கள் நாள் முழுவதும் அடுத்தடுத்துத் தட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கச் செலவைச் செலுத்த வேண்டும். அதற்கு அவர்கள் செய்தது, முழு நிரலையும் ஒருமுறை எழுப்பிப் பின்னணியில் விழித்தபடி வைத்துவிட்டு, `chg` என்ற சி மொழியில் எழுதிய சிறு நிரல் மூலம் கட்டளையை அதற்கு அனுப்புவது. தொடக்க நேரம் மறைந்தது. பதிலுக்கு ஒரு செயல்முறை எப்போதும் நினைவகத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது சாய்வு. ஒரு பில்லுக்கு 1.2 மில்லிவிநாடி எங்கே போகிறது? லினக்ஸில் எந்த நிரலுக்கு முன்பும் `time` என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டினால் முடிவில் மூன்று எண்கள் வரும். ஒரு லட்சம் பில்லுக்கு அவை இப்படி இருக்கின்றன:

```
real    2m1.903s
user    0m22.140s
sys     0m1.512s
```

`real` என்பது சுவர்க் கடிகாரம் காட்டும் நேரம். `user` என்பது நிரலுக்காகச் செயலி உண்மையில் உழைத்த நேரம். `sys` என்பது நிரலுக்காக இயங்குதளம் உழைத்த நேரம். கடிகாரத்தில் 122 விநாடி ஓடியிருக்க, செயலி உழைத்தது 24 விநாடிக்கும் குறைவு. மீதிப் பெரும்பகுதியில் நிரல் எதற்கோ காத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. இந்த நிலையில் அதிவேகச் செயலி வாங்கினாலும், நிரலை வேறு மொழியில் திருப்பி எழுதினாலும் அந்தக் காத்திருப்பு குறையாது.

எதற்காகக் காத்திருக்கிறது என்பதை `cProfile` என்ற பைத்தானின் அளவுகோல் சொல்லும். `python -m cProfile -s cumtime bill.py` என்று ஓட்டினால் எந்தச் செயல்கூறு எத்தனை முறை அழைக்கப்பட்டது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற பட்டியல் வரும். இங்கே பட்டியலின் மேலே நிற்பது தரவுத்தளத்துக்குக் கேள்வி அனுப்பும் `execute`. ஒரு லட்சம் பில்லுக்கு ஒரு லட்சம் முறை அழைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கேள்வி போய்ப் பதில் வருகிறது. ஒரு போக்குவரத்துக்கு ஒரு மில்லிவிநாடி. தனியாகப் பார்த்தால் அற்பம்தான். 4 லட்சத்தால் பெருக்கினால் 400 விநாடி.

உடனே தோன்றும் தீர்வு, எல்லா வீடுகளின் 12 மாத விவரத்தையும் தொடக்கத்திலேயே ஒரே கேள்வியில் வாங்கி வைத்துக்கொள்வது. கேள்விகள் 4 லட்சத்திலிருந்து ஒன்றாகும். ஆனால் வாங்க வேண்டிய எண்கள் 48 லட்சம். 64 பிட் கணினியில் பைத்தான் ஒரு சாதாரண முழு எண்ணுக்கு 28 பைட் ஒதுக்குகிறது. அது எங்கே இருக்கிறது என்று பட்டியலில் குறித்து வைக்க இன்னும் 8 பைட். ஆக எண்களுக்கு மட்டுமே சுமார் 170 மெகாபைட். அவ்வளவையும் வலை வழியாகக் கொண்டு வர எடுக்கும் விநாடிகள் தொடக்க நேரத்தில் ஏறும். இப்படித் திருத்தப்பட்ட நிரலைக் கவுன்ட்டரில் ஓட்டினால், ஒரு வீட்டின் பில்லுக்காக ஊர் முழுவதின் கணக்கும் இறங்கும். மாத ஓட்டத்துக்கு நல்லது செய்யப்போய் எழுத்தரின் காத்திருப்பை நீட்டிவிடும் இந்தத் திருத்தம்தான், குறை எது என்று கேட்காமல் வேகமாக்கப்பட்ட நிரல்களில் அடிக்கடி காணப்படுவது.

நடுவழி ஒன்று இருக்கிறது. 500 வீடுகளுக்கு ஒரு கேள்வி. 4 லட்சத்துக்கு 800 கேள்விகள். ஒவ்வொன்றும் கூடுதலான தரவைக் கொண்டுவருவதால் 10 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்தாலும் மொத்தம் 8 விநாடி. ஒரே பில் எடுத்தால் ஒரே ஒரு வீட்டுக்கான கேள்விதான் போகும். ஒரு நேரத்தில் நினைவகத்தில் இருப்பது 500 வீட்டின் விவரம் மட்டுமே.

இனி வளைவு. 4 லட்சம் பில்லில் எதிர்பார்த்ததற்கு மேல் ஆன 38 நிமிடம் எங்கே போனது? கோடு வளைவதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். நினைவகம் தீர்ந்துபோவது ஒன்று. வேலையின் அளவு இரட்டிக்கும்போது உழைப்பு நான்கு மடங்காகும்படி நிரல் எழுதப்பட்டிருப்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துக் காட்ட முன்பு பார்த்த அதே எண்கள் போதும். இரண்டாம் வகையில் செயலி கடுமையாக உழைக்கும், அதனால் `user` நேரமும் `real` நேரத்தோடு சேர்ந்து எகிறும். முதல் வகையில் `user` நேர்கோட்டிலேயே நிற்க, `real` மட்டும் எகிறும்.

இரண்டாம் வகைக்குப் பலர் அறிந்த எடுத்துக்காட்டு, ஜிடிஏ ஆன்லைன் என்னும் கணினி விளையாட்டு. அது திறக்கப் பல நிமிடங்கள் ஆவதாக விளையாடுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2021-இல், அந்த நிறுவனத்தைச் சாராத ஒரு நிரலர் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார். விளையாட்டு தொடங்கும்போது சுமார் 63,000 பொருள்களின் பட்டியல் அடங்கிய 10 மெகாபைட் உரைக் கோப்பு ஒன்றைப் படிக்கிறது. ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் மீதமுள்ள உரை முழுவதன் நீளமும் மறுபடி எண்ணப்பட்டது. படித்த ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே வந்ததா என்று அறிய, அதுவரை சேர்ந்த எல்லாப் பொருள்களோடும் ஒப்பிடப்பட்டது. அந்த ஒப்பீடுகள் மட்டும் ஏறத்தாழ 198 கோடி. இவ்விரண்டையும் சரிசெய்தபோது அவருடைய கணினியில் ஏறக்குறைய ஆறு நிமிடம் எடுத்த தொடக்கம் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டதோடு அவருக்கு 10,000 டாலர் வழங்கியது. விளையாடுகிறவர்களின் புகார் தொடக்க நேரம் பற்றியது. ஆனால் நோய் இருந்தது வளைவில். பட்டியல் சிறிதாக இருந்த வரை யாருக்கும் உறுத்தாத அந்த வேலை, பொருள்கள் கூடக் கூட நிமிடக்கணக்கில் நீண்டிருக்கிறது. தொடங்க நேரமாகிறது என்ற புகாரிலும், தொடக்கத்தில் படிக்கும் கோப்பைப் பாதியாக வெட்டிவிட்டு மறுபடி அளந்து பார்ப்பது இதனால்தான் பயனுள்ளது.

`bill.py`-இல் நடப்பது முதல் வகை. `time`-இன் விரிவான வடிவம் இதைக் காட்டும்:

```
/usr/bin/time -v python bill.py --all
```

இது அச்சிடும் பல வரிகளில் இரண்டு முக்கியம். `Maximum resident set size` என்பது நிரல் ஒரே நேரத்தில் பிடித்திருந்த நினைவகத்தின் உச்ச அளவு. `Major (requiring I/O) page faults` என்பது, வேண்டிய தரவு நினைவகத்தில் இல்லாமல் வட்டிலிருந்து எடுத்துவர நேர்ந்த முறைகளின் எண்ணிக்கை. ஒரு லட்சம் பில்லில் அந்த எண்ணிக்கை சொற்பம். 4 லட்சத்தில் அது லட்சங்களில் நிற்கிறது. உச்ச அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகலாம். வட்டுக்குத் தள்ளப்பட்ட பகுதி அதில் சேராது, ஆகவே 2.5 ஜிகாபைட் என்று அடக்கமாகவே காட்டும்.

நிரல் ஒவ்வொரு பில்லையும் அச்சிடத் தயாரான வடிவில் சுமார் 10 கிலோபைட் உரையாக உருவாக்குகிறது. உருவாக்கியதை உடனே எழுதுவதில்லை. பில் கொடுக்கப் போகிறவரின் வசதிக்காகத் தெரு வாரியாக அடுக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்து வைத்து முடிவில் வரிசைப்படுத்தி எழுதுகிறது. ஒரு லட்சம் பில் 1 ஜிகாபைட், இடம் இருக்கிறது. 4 லட்சம் பில் 4 ஜிகாபைட். இயங்குதளமும் மற்ற செயலிகளும் எடுத்தது போக நிரலுக்கு 2.5 ஜிகாபைட்தான் மிச்சம் என்றால், ஒன்றரை லட்சம் பில்கள் வட்டுக்குத் தள்ளப்படும். பிறகு தெரு வாரியாக எழுதத் தொடங்கும்போது, அடுத்து வேண்டிய பில் நினைவகத்தில் இருக்கிறதா வட்டில் இருக்கிறதா என்பது தற்செயல். நினைவகத்திலிருந்து எடுக்க ஒரு மைக்ரோவிநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். சுழலும் வட்டில் ஊசி நகர்ந்து உரிய இடத்தை அடையச் சுமார் 10 மில்லிவிநாடி வேண்டும். அது லட்சம் மடங்கு. ஒன்றரை லட்சம் பில்லுக்கும் ஒன்றிரண்டு முறை வட்டுக்குப் போய்வந்தால் 38 நிமிடம் ஆகிவிடுகிறது. அதே வட்டை மற்ற செயலிகளும் நாடுவதால் பக்கத்தில் வேலை பார்த்தவரின் சுட்டியும் உறைகிறது. இந்த நிலையை ஆராய்ந்து, ஏன் நேர்கிறது, எப்படித் தவிர்ப்பது என்று பீட்டர் டென்னிங் 1968-லேயே எழுதியிருக்கிறார்.

எஸ்.எஸ்.டி. வகை வட்டில் இந்தத் தண்டனை நூறில் ஒரு பங்காகக் குறையும். நோய் போகாது, மறைந்திருக்கும். வட்டுக்குத் தள்ள இடமே ஒதுக்கப்படாத சர்வர்களில் நிரல் மெதுவாவதே இல்லை. லினக்ஸ் அதை நடுவழியில் நிறுத்திவிடும். அப்போது திரையில் `Killed` என்ற ஒரு சொல்லும் 137 என்ற முடிவு எண்ணும் மட்டும் மிஞ்சும். "சில நாள் ஓடுகிறது, சில நாள் பாதியில் நின்றுவிடுகிறது" என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கக்கூடும்.

நினைவகப் புகாரில் இன்னொரு பிரிவும் கேட்டறிய வேண்டியது. வேலை பெரிதாகும்போது நினைவகம் ஏறுகிறதா, நேரம் ஆக ஆக ஏறுகிறதா? காலையில் சரியாக ஓடி மாலையில் திணறும் நிரல், முடிந்த வேலையின் எச்சங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதைத் தேட `tracemalloc` என்ற கருவி பைத்தான் 3.4 முதல் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் எந்த வரி ஒதுக்கிய நினைவகம் வளர்ந்திருக்கிறது என்று காட்டும். `bill.py` அந்த வகை அல்ல.

இதற்கு முதலில் தோன்றும் மருந்து கூடுதல் நினைவகம் வாங்குவது. 8 ஜிகாபைட் ஆக்கினால் இன்றைக்குத் தீரும். இணைப்புகள் 8 லட்சம் ஆனால் மறுபடி வளையும். நிரலின் வேலை வரிசையை மாற்றுவது மேலானது. வரிசைப்படுத்த வேண்டியது தெருப்பெயரையும் கதவு எண்ணையும் வைத்துத்தான். அவை மீட்டர் அளவுப் பதிவிலேயே இருக்கின்றன; ஒரு பதிவு சில நூறு பைட்தான். 10 கிலோபைட் பில்களை உருவாக்கிய பின் அடுக்குவதற்குப் பதில், சிறிய பதிவுகளை முன்பே அடுக்கிவிட்டால், பில்களை ஒவ்வொன்றாக உருவாக்கி உடனுக்குடன் எழுதிவிடலாம். 500 வீட்டுக்கு ஒரு கேள்வி என்ற மாற்றமும் இதோடு இயல்பாகப் பொருந்துகிறது:

```python
readings.sort(key=lambda r: (r.street, r.door))
for i in range(0, len(readings), 500):
    batch = readings[i:i + 500]
    past = fetch_history([r.id for r in batch])
    for r in batch:
        out.write(make_bill(r, past[r.id]))
```

பதிவுகளே நினைவகத்தில் அடங்காத அளவுக்குப் பெருகினால் இந்த வழியும் போதாது. அப்போது அடுக்கும் வேலையைத் தரவுத்தளத்திடம் விட்டுவிட்டு, அது வரிசையாகத் தரும் பதிவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும்.

திருத்திய பின் முன்பு செய்த அதே சோதனையை, அதே கணினியில், அதே நான்கு அளவுகளில் மறுபடி செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் சேர்த்து அளப்பது நல்லது. மூன்றையும் சேர்த்துவிட்டு அளந்தால் எது பயன்தந்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். நூலகங்களைத் தள்ளிப்போட்டதால் ஒரு பில் 0.4 விநாடியில் வருகிறது. கேள்விகளைத் தொகுத்ததால் ஒரு பில்லுக்கு 1.2 மில்லிவிநாடி ஆனது ஏறக்குறைய 0.2 ஆகிறது, விநாடிக்கு 5,000 பில். அடுக்கும் வேலையை முன்னே கொண்டுவந்ததால் கோடு வளையாமல் 4 லட்சம் வரை நேராகப் போகிறது. மாத ஓட்டம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது. ஓடும்போது நினைவகம் சில நூறு மெகாபைட்டைத் தாண்டுவதில்லை.

இந்த நிலையில் `real` நேரமும் `user` நேரமும் நெருங்கி நிற்கும். செயலிதான் இப்போது உழைக்கிறது. இதற்கு மேலும் மாத ஓட்டம் விரைய வேண்டுமென்றால், கட்டணக் கணக்கீட்டையும் பில் உரையை அமைக்கும் பகுதியையும் செதுக்கலாம், அல்லது வேலையை இரண்டு மூன்று செயல்முறைகளுக்குப் பிரிக்கலாம். நினைவகம் இப்போது அதற்கு இடம் தரும். ஒன்றரை நிமிடம் போதும் என்று மாத ஓட்டத்தைக் கவனிப்பவர் சொன்னால் அதற்கு அவசியமில்லை. காலையில் கணினியைத் திறந்ததும் எடுக்கும் முதல் பில் மட்டும் இன்னும் மற்றவற்றைவிட நேரம் எடுக்கும். அதற்கு நிரலில் செய்ய அதிகம் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.